முதல் நாள் சி.டி., மறுநாள் எம்.ஆர்.ஐ.: இரண்டு ஸ்கேன் எதற்காக?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. போன வாரம் ஒரு நாள் காலை 7 மணிக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. வலது கையைத் தூக்க முடியவில்லை, வாய் கோணிக்கொண்டது, பேச்சு குழறியது. 8 மணிக்கெல்லாம் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டோம். உடனே தலைக்கு சி.டி. எடுத்தார்கள். ‘சி.டி. நார்மல்’ என்றார்கள், ஆனால் அடுத்த நிமிடமே பக்கவாதம் என்று சொல்லி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊசி போட்டார்கள். மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இடது பக்க மூளையில் மூன்று இடங்களில் பாதிப்பு என்று வந்தது. கை இப்போது முக்கால்வாசி சரியாகிவிட்டது. நார்மல் என்று காட்டிய ஸ்கேனை வைத்துக்கொண்டு எப்படி ஊசி போட்டார்கள்? எம்.ஆர்.ஐ.தான் துல்லியம் என்றால் அதையே முதலில் எடுத்திருக்கக் கூடாதா? இரண்டுக்கும் பணம் வாங்கத்தான் இப்படிச் செய்தார்களா? கழுத்து ரத்தக் குழாய்க்கும் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் தேவையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் என்று மருத்துவர் முடிவு செய்தது ஸ்கேனைப் பார்த்து அல்ல, அம்மாவைப் பார்த்து. நன்றாக இருந்த ஒருவருக்கு ஒரு நொடியில் ஒரு பக்கக் கை செயலிழந்து, வாய் கோணி, பேச்சும் குழறினால், அது பக்கவாதம் என்பதைக் கட்டிலருகிலேயே பெரும்பாலும் சொல்லிவிடலாம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்திருப்பார்கள். சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோனாலும் இதே போன்ற அறிகுறிகள் வரலாம் என்பதால், அந்த ஒரு பரிசோதனையை மட்டும் எந்த அவசரத்திலும் நாங்கள் விடுவதில்லை. அதற்குப் பிறகு மருத்துவர் முன் எஞ்சியிருந்த கேள்வி ஒன்றுதான்: மூளைக்குப் போகும் குழாய் அடைபட்டிருக்கிறதா, அல்லது வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அடைப்புக்குக் கொடுக்கும் கரைப்பான் ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால், கசிவு பெருகி அவர் உயிருக்கே ஆபத்தாகும். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் உங்கள் அம்மாவை சி.டி. அறைக்குக் கொண்டுபோனார்கள். ‘சி.டி. நார்மல்’ என்று அந்த மருத்துவர் சொன்னதற்கு ‘ரத்தக்கசிவு இல்லை, ஊசி போடலாம்’ என்று பொருள். ‘மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று அவர் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருந்தால் இந்த மனக்குழப்பம் வந்திருக்காது. அந்த நேரத்து நெருக்கடியில் அது விடுபட்டிருக்கலாம்.

கசிவைத் தெளிவாகக் காட்டும் சி.டி.யால் அடைப்பின் பாதிப்பை ஏன் காட்ட முடியவில்லை என்பதற்கு அது படம் எடுக்கும் முறையே காரணம். சி.டி. என்பது எக்ஸ்ரே கதிரைத் தலையைச் சுற்றிலும் பல கோணங்களிலிருந்து செலுத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் அந்தக் கதிர் எவ்வளவு தடைபடுகிறது என்பதைக் கணக்கிட்டு வரையும் படம். அந்தத் தடைக்கு ஓர் எண் உண்டு. இந்தக் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அதை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்கிறோம். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கெட்டியான எலும்புக்கு ஏறத்தாழ 1000 என்பது அதன் அளவுகோல். மூளைத் திசு 25 முதல் 40 வரை இருக்கும். குழாயை விட்டு வெளியேறி உறைந்த புது ரத்தம் 60 முதல் 80 வரை இருக்கும். இந்த இடைவெளி போதுமானது. சாம்பல் நிற மூளைக்கு நடுவே கசிந்த ரத்தம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், அதுவும் கசிந்த சில நிமிடங்களிலேயே.

குழாய் அடைபட்ட இடத்தில் நடப்பது வேறு. ரத்தம் கிடைக்காத நரம்பணுக்கள் முதலில் வீங்குகின்றன. பிறகுதான், மணிக்கணக்கில், அந்தப் பகுதிக்கு வெளியிலிருந்து மெல்ல மெல்ல நீர் சேர்கிறது. திசுவில் நீரின் பங்கு ஒரு விழுக்காடு கூடினால் அதன் எண் ஏறத்தாழ இரண்டரை அலகு குறையும். முதல் ஒரு மணி நேரத்தில் குறைவது அவ்வளவுகூட இருக்காது. மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையில் இயல்பாகவே பத்து அலகு வரை வேறுபாடு இருக்கும்போது, ஓரிரு அலகு குறைவை எந்தக் கண்ணால் பிரித்தறிய முடியும்? உங்கள் அம்மாவுக்கு அடைப்பு ஏற்பட்ட ஒன்றேகால் மணி நேரத்துக்குள் எடுத்த படம் அது. நார்மலாக இருப்பதே எதிர்பார்க்க வேண்டியது. அதே சி.டி.யை மறுநாள் எடுத்திருந்தால், பாதித்த பகுதி ஓரளவு பெரியதாக இருக்கும் பட்சத்தில் கறுப்பாகத் தெரிந்திருக்கும்.

அந்த நார்மல் படத்தில் மருத்துவர் இன்னொன்றையும் படித்திருப்பார். ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி.யிலேயே மூளையின் பெரும்பகுதி கறுத்து, சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையிலான எல்லை அழிந்து காணப்பட்டால், ஒன்று, சொல்லப்பட்ட நேரம் தவறு. அல்லது பாதிப்பு மிகவும் விரிவானது. இறந்துபோன திசுவுக்குள் மீண்டும் ரத்தம் பாயும்போது குழாய்கள் கிழிந்து கசியக்கூடும் என்பதால், அத்தகைய படத்தைப் பார்த்தால் ஊசி போடத் தயங்குவோம். உங்கள் அம்மாவின் படத்தில் அப்படி எதுவும் இல்லை என்பது, காப்பாற்ற வேண்டிய மூளை இன்னும் பெருமளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். எனவே படம் நார்மலாக இருந்ததுதான் ஊசி போடுவதற்கான காரணமே.

இவ்வளவு வேகமாக முடிவெடுக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வருகிறது என்றால், கரைப்பான் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் வரம்பு. அந்த வரம்புக்குள்ளும் பயன் சீராக இருப்பதில்லை. ஒவ்வொரு கால் மணி நேரத் தாமதத்துக்கும் அது குறைந்துகொண்டே வருகிறது. பெரிய குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. ‘கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?’ என்று உங்களைத் துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள். டம்ளர் நழுவிய நேரத்தை நீங்கள் சரியாகச் சொல்ல முடிந்தது அந்தச் சிகிச்சைக்குப் பேருதவி. எடையைக் கேட்டதும் காரணத்தோடுதான். ஊசியின் அளவு எடையைப் பொறுத்தது. கையெழுத்து வாங்கியதற்கும் காரணம் உண்டு. இந்தச் சிகிச்சையை நிலைநாட்டிய 1995-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், ஊசி பெற்ற நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு நிலைமையை மோசமாக்கும் மூளைக் கசிவு ஏற்பட்டது. ஆனாலும் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஊனமின்றி மீண்டவர்கள் ஊசி பெற்றவர்களிடையேதான் அதிகம். அந்த ஆபத்தையும் பயனையும் உறவினரிடம் சொல்லி ஒப்புதல் பெறுவது எங்கள் கடமை.

இனி எம்.ஆர்.ஐ.க்கு வருகிறேன். அதனால் புது ரத்தக்கசிவைக் காண முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல; அதற்கென்று உள்ள பதிவு முறையைச் சேர்த்துக்கொண்டால் சி.டி.க்கு இணையாகக் காட்டும். உலகின் சில மருத்துவமனைகளில் பக்கவாதத்துக்கு எம்.ஆர்.ஐ.யையே முதலில் எடுக்கிறார்கள். அவசரப் பிரிவை ஒட்டியே கருவி இருந்து, அது எந்நேரமும் காலியாகக் கிடைத்து, தேவையான இரண்டு மூன்று பதிவுகளை மட்டும் எடுத்து முடிக்கப் பழகிய குழுவும் இருந்தால் அது நல்ல வழிதான். இந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் நோயாளி காத்திருக்க வேண்டிவரும்.

தலைக்கான சி.டி. பதிவு சில நொடிகளில் முடிந்துவிடும். மேசையில் ஏற்றி இறக்குவதையும் சேர்த்தால் ஐந்து நிமிடம். வழக்கமான எம்.ஆர்.ஐ.க்கு இருபது முதல் முப்பது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கை கால் இழுத்து, பேச முடியாமல், பயத்தில் புரண்டுகொண்டிருப்பவரை, பெரும் சத்தம் எழுப்பும் குறுகிய குழாய்க்குள் அசையாமல் படுக்கவைப்பது எளிதன்று. தலை சற்று அசைந்தாலும் படம் கலங்கிவிடும். அந்த நேரத்தில் அவருக்கு வாந்தி வந்தாலும் மூச்சு தடுமாறினாலும் உடனே எட்டிப் பிடிக்க முடியாது.

இதைவிட முக்கியமானது காந்தம். பெரும்பாலான மருத்துவமனைகளில் உள்ள 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காதபோதும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். 2018-ல் மும்பையில், உறவினரான நோயாளிக்காக ஆக்சிஜன் சிலிண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்த ஒருவர், சிலிண்டரோடு சேர்த்துக் கருவிக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். அதனால்தான் உள்ளே அனுப்பும் முன் நீளமான ஒரு கேள்விப் பட்டியல் வைத்திருக்கிறோம்: நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டா, மூளைக் குழாய் வீக்கத்துக்கு எப்போதாவது கிளிப் போட்டார்களா, காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தியிருக்கிறதா, பட்டறையில் வேலை பார்த்துக் கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா? நோயாளிக்கே பேச்சு குழறும்போது இவற்றுக்கு யார் பதில் சொல்வது? மகனுக்கும் மகளுக்கும் தெரியாத பழைய அறுவைச் சிகிச்சைகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. இப்போது வரும் பேஸ்மேக்கர்களில் பல, உரிய முன்னேற்பாட்டோடு எம்.ஆர்.ஐ.க்கு அனுமதிக்கத் தக்கவை. ஆனால் எந்த வகை என்று அட்டையைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகலாம். சி.டி.க்கு இந்தத் தடை எதுவும் இல்லை. தாலிக்கொடியும் வளையலும் போட்டபடியே தலைக்குப் படம் எடுத்துவிடலாம். படம் பிடிக்கும் பகுதியில் உள்ள தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றினால் போதும், அதற்கும் நேரம் இல்லையென்றால் அவற்றோடேயே எடுத்துவிடுவோம்.

மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ. வேறு இரண்டு கேள்விகளுக்காக எடுக்கப்பட்டது. கரைப்பான் ஊசி போட்ட பிறகு ஆஸ்பிரின் போன்ற மாத்திரையைத் தொடங்குவதற்கு முன், ஏறத்தாழ 24 மணி நேரம் கழித்து, கசிவு ஏதும் ஏற்படவில்லை என்று மீண்டும் ஒரு படம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். அதற்கு சி.டி.யும் போதும். ஆனால் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அதோடு கூட, மூளையின் எந்தெந்த இடம் பாதிக்கப்பட்டது என்பதும் தெரிந்துவிடும். உங்கள் அம்மா அதற்குள் நிலைபெற்று, கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் அசையாமல் படுக்கவும் முடிகிற நிலைக்கு வந்திருப்பார். ஒரே படத்தில் இரண்டு வேலை முடிந்தது.

அந்த எம்.ஆர்.ஐ.யில் பாதிப்பைக் காட்டிக்கொடுத்தது டிஃப்யூஷன் என்ற ஒரு பதிவு. அறிக்கையில் டி.டபிள்யூ.ஐ. என்று குறித்திருப்பார்கள். எம்.ஆர்.ஐ. கருவி உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து வரும் சைகையைப் பதிவுசெய்கிறது. இந்தக் குறிப்பிட்ட பதிவு, நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நடமாடுகின்றன என்பதை அளக்கிறது. ஒவ்வொரு நரம்பணுவின் சுவரிலும் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும் ஓர் இயக்கம் உண்டு. ரத்தம் நின்ற சில நிமிடங்களில் ஆற்றலின்றி அது நின்றுபோகிறது. சோடியம் உள்ளே தங்க, அதைத் தொடர்ந்து அக்கம்பக்கத்து நீரும் உள்ளே நுழைந்து அணு ஊதுகிறது. அணுக்களுக்கு இடையிலான வழியும் குறுகுகிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவர் இரண்டடி நகர முடியாமல் நிற்பதைப் போல, நீரின் நடமாட்டம் அங்கே முடங்கிவிடுகிறது. அந்த முடக்கம் டிஃப்யூஷன் படத்தில் வெண்மையாகத் தெரியும். மொத்த நீரின் அளவு கூடும் வரை சி.டி. காத்திருக்க வேண்டியிருக்கிறது, இருக்கிற நீர் நடமாட முடியாமல் போன அந்தக் கணத்திலிருந்தே டிஃப்யூஷன் காட்டத் தொடங்கிவிடுகிறது. பட்டாணி அளவு பாதிப்பும் அதில் தப்பாது. அந்த வெண்மை ஒரு வாரம் பத்து நாள் வரை நீடித்துப் பிறகு மங்குவதால், பழைய பாதிப்பையும் புதியதையும் பிரித்தறியவும் அது உதவுகிறது. அறுபது வயதைத் தாண்டிய, ரத்தக் கொதிப்புள்ள பலரின் மூளையில் அவர்களுக்கே தெரியாமல் வந்துபோன பழைய தழும்புகள் இருக்கும். அவற்றுள் இன்றைய கோளாறுக்குக் காரணம் எது என்று சி.டி.யால் சொல்ல முடியாது.

ஆனால் எம்.ஆர்.ஐ. நார்மல் என்றால் பக்கவாதமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் ஏற்படும் சிறிய அடைப்புகள் முதல் ஓரிரு நாட்கள் டிஃப்யூஷனிலும் தெரியாமல் போவதுண்டு. அறிகுறிகள் பக்கவாதத்தையே சுட்டினால், இரண்டு நாள் கழித்து மீண்டும் எடுத்துப் பார்ப்போம். சி.டி.க்கு அந்தப் பகுதி இன்னும் கடினம். இரு காதுகளின் பின்னால் உள்ள கெட்டியான எலும்புகளுக்கு நடுவே அது அமைந்திருப்பதால், கதிர் எலும்பில் தடைபட்டுப் படத்தின் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுந்துவிடுகின்றன. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திடீரென்று தலைசுற்றி, வாந்தி எடுத்து, பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடியாமல் வரும் வயதானவருக்கு சி.டி. எடுத்து, ‘நார்மல்’ என்று சொல்லி, தலைசுற்றல் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவது இன்றும் நடக்கிறது. அவருக்குச் சிறுமூளையில் அடைப்பு இருந்தால், அடுத்த இரண்டு மூன்று நாட்களில் அந்தப் பகுதி வீங்கி மூளைத்தண்டை அழுத்தக்கூடும். அத்தகைய நிலையில் சி.டி. நார்மல் என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளாமல் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று குடும்பத்தினர் கேட்பது முற்றிலும் நியாயம்.

எம்.ஆர்.ஐ.யை முதல் மணி நேரத்திலேயே நாட வேண்டிய இன்னொரு நிலையும் உண்டு. இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் எழும்போதே கை விளங்காமல் இருந்தால், பக்கவாதம் வந்த நேரம் யாருக்கும் தெரியாது. நேரம் தெரியாமல் ஊசி போட முடியாது என்றுதான் நெடுங்காலம் இருந்தது. பாதிப்பு டிஃப்யூஷன் பதிவில் வெண்மையாகத் தெரிந்து, ஃப்ளேர் என்ற மற்றொரு பதிவில் இன்னும் தெரியாமல் இருந்தால், அது பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் வந்தது என்று கொள்ளலாம். ஏனென்றால் ஃப்ளேர் பதிவு, சி.டி.யைப் போலவே, நீர் வந்து சேரும் வரை காத்திருந்துதான் காட்டும். இந்த வேறுபாட்டைக் கடிகாரமாகக் கொண்டு ஊசி போட்டால் பலன் உண்டு என்பதை 2018-ல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது. உங்கள் அம்மாவுக்கு 7 மணி என்று நேரம் தெளிவாகத் தெரிந்திருந்ததால் இதற்குத் தேவை எழவில்லை.

பக்கவாதத்துக்கு வெளியேயும் ஏறத்தாழ இதே போக்குதான். வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கும், இதுவரை அறியாத கடுமையில் நொடியில் உச்சத்தைத் தொட்ட தலைவலியோடு வருபவருக்கும் சி.டி.தான் முதலில். எலும்பு முறிவையும் புது ரத்தத்தையும் அதைப்போல் விரைவாகக் காட்ட வேறொன்று இல்லை. அத்தகைய தலைவலி வந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த நல்ல சி.டி.யில் மூளையைச் சுற்றிய கசிவு தப்புவது மிக அரிது. நாள் செல்லச் செல்ல அந்த நம்பகம் குறைகிறது. அடிபட்ட ரத்தமும் அப்படியே: மண்டையோட்டுக்கு அடியில் தேங்கிய ரத்தம் இரண்டு வாரம் சென்றபின் நிறம் வெளுத்து மூளையின் அதே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடுவதால், சி.டி.யில் கண்ணை ஏமாற்றக்கூடும். எம்.ஆர்.ஐ.யில் அது தெளிவாகத் தெரியும். வலிப்பு நோய்க்குக் காரணம் தேடவும், பிட்யூட்டரி சுரப்பி, நரம்பு உறை அழற்சி, சிறு கட்டிகள் ஆகியவற்றுக்கும் எம்.ஆர்.ஐ.யே தகுந்தது. ஆனால் நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணமான நாடாப்புழுவின் முட்டைப்புழு மூளையில் இறந்து சுண்ணாம்பாக இறுகிவிட்டால், அந்தச் சிறு வெள்ளைப் புள்ளியை எம்.ஆர்.ஐ. தவறவிட்டாலும் சி.டி. காட்டிவிடும்.

பணத்தைப் பற்றிய உங்கள் ஐயத்தை நான் தவறாக எண்ணவில்லை. தேவையின்றி எழுதப்படும் ஸ்கேன்கள் இருக்கத்தான் செய்கின்றன; பல ஆண்டுகளாக மாறாமல் வந்துபோகும் ஒற்றைத் தலைவலிக்கு, பரிசோதனையில் எந்தக் குறையும் இல்லாதபோது, ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வதை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு எடுத்த இரண்டு படங்களில் எதையும் நான் நீக்கியிருக்க மாட்டேன். முதல் படம் இல்லாமல் ஊசி போட்டிருக்க முடியாது. இரண்டாவது இல்லாமல் மாத்திரையைத் தொடங்கியிருக்கவும் காரணத்தைத் தேடியிருக்கவும் முடியாது. கதிர்வீச்சைப் பற்றியும் நீங்கள் கவலைப்படக்கூடும் என்பதால் சொல்கிறேன்: தலைக்கு ஒரு சி.டி. தரும் கதிர்வீச்சு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட், அதாவது மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் எல்லோருக்கும் ஓர் ஆண்டில் இயல்பாகக் கிடைப்பதை ஒட்டிய அளவு. குழந்தைகளுக்கு சி.டி. எழுதும்போது இதை நாங்கள் மிகவும் யோசிப்போம். 62 வயதில் பக்கவாதத்தோடு வந்தவருக்கு இது தயங்க வேண்டிய காரணமே அல்ல.

கழுத்து ஸ்கேனைத்தான் நீங்கள் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணிப்பில் இப்போது எல்லாவற்றிலும் அவசரமானது அதுதான். ஒரே இடத்தில், மூளையின் ஆழத்தில், ஒரு சிறிய பாதிப்பு மட்டும் இருந்திருந்தால், சர்க்கரையாலும் கொதிப்பாலும் நுண்குழாய் ஒன்று தடித்து அடைந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் பாதிப்பு என்றால், எங்கிருந்தோ புறப்பட்ட உறைகட்டி துண்டுகளாக உடைந்து சிதறியிருக்க வேண்டும். மூன்றும் இடது பக்கத்திலேயே இருப்பதால், மூளையின் அந்தப் பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கழுத்துக் குழாயின் சுவரில் கொழுப்புப் படிந்து சுருங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போய் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து அங்கிருந்து வந்திருக்கவும் கூடும். எனவே எக்கோவும், குறைந்தது 24 மணி நேரம் தொடர்ந்து பதிவுசெய்யும் ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் சிகிச்சை வெவ்வேறு. இதயம் காரணம் என்றால் ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு வகை மாத்திரை வேண்டும். கழுத்துக் குழாய் 70 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியிருந்தால், அந்தக் கொழுப்பைச் சுரண்டி எடுக்கும் அறுவைச் சிகிச்சை மறு பக்கவாதத்தைப் பெருமளவு தடுக்கும். அதுவும் முதல் பக்கவாதம் வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் மிகுதி. உங்கள் அம்மாவுக்கு ஒரு வாரம் ஏற்கெனவே கடந்துவிட்டது.

போகும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். சில மருத்துவமனைகளில் முதல் நாளே சாதாரண சி.டி.யோடு சேர்த்து, கை நரம்பில் அயோடின் மருந்து ஏற்றி, கழுத்திலிருந்து உச்சந்தலை வரை உள்ள குழாய்களையும் படம் எடுத்துவிடுவார்கள். பெரிய குழாய் அடைபட்டிருந்தால் தொடை வழியாகக் கம்பி செலுத்தி உறைகட்டியை எடுக்க முடியுமா என்று பார்ப்பதற்காக அது எடுக்கப்படுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘சி.டி. ஆஞ்சியோ’ என்று எழுதியிருந்தால், கழுத்துக் குழாயின் நிலை அதிலேயே பதிவாகியிருக்கும். அப்போது தனியாக ஒரு கழுத்து ஸ்கேன் வேண்டியதில்லை என்று மருத்துவரே சொல்லக்கூடும். அப்படி எழுதியிருக்கவில்லையென்றால், இந்தப் பதிலைப் படிக்கும் நாளிலேயே டாப்ளர் என்ற அந்தக் கழுத்து ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள். அது ஊசியோ கதிர்வீச்சோ இல்லாமல், கழுத்தில் கருவியை வைத்து அரை மணி நேரத்தில் முடிகிற பரிசோதனை. அறிக்கை கைக்கு வந்ததும், அடுத்த மறுபரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல், அன்றே உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கைத் தாளோடு அதன் படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். மூன்று புள்ளிகளும் எந்தக் குழாயின் பகுதியில் விழுகின்றன என்பதை அவர் தம் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும்.